முப்பத்திரண்டு சோற்றுப் பெட்டி

பயிற்சி ஒபிஸில் வேலைசெய்கிற துஷாந்தினி மண்டபத்து வாசல் படலையிலேயே நின்றாள். அதைக் கண்டவுடன் ஏதோ பிழை என்று எனக்கு விளங்கிவிட்டது. தேநீர்ப் பெட்டி வாங்க எந்த ஒபிஸ்காரரும் படலை வரைக்கும் வருவதில்லை. நான்தான் தூக்கிக்கொண்டு உள்ளே போய், மேசையில் அடுக்கி, எண்ணிக் காட்டிவிட்டு வருவேன்.

“ஐயா, தேத்தண்ணிப் பெட்டியைத் தந்திட்டுப் போங்கோ. மத்தியானச் சாப்பாடு இண்டைக்கு வேண்டாமாம். சேர் சொன்னவர்.”

“என்ன பிள்ளை கதைக்கிறாய்? சோறு அடுப்பிலை ஏறியிருக்கும்.”

“எனக்குத் தெரியும் ஐயா. நான் என்ன செய்ய?”

நேரம் ஒன்பதே முக்கால். ஓட்டோவின் பின்சீற்றில் முப்பத்திரண்டு சின்னப் பெட்டி. ஒவ்வொன்றிலும் ஒரு மீன் றோல்ஸ், ஒரு துண்டுக் கேக், ஒரு கதலிப் பழம். மரக்கறிக்காரருக்கு றோல்சுக்குப் பதிலாக வடை. அவர்களின் பெட்டியில் பச்சை றப்பர் வளையம் போட்டிருக்கும். இதெல்லாம் என் மகள் ஜெசிதாவின் ஏற்பாடு. கொழும்புத்துறையில் எங்கள் வீட்டுக் குசினியில் அவள் சமைக்கிறாள், நான் ஓட்டோவில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். முழங்கால் போனபிறகு கடலை விட்டு இந்த ஓட்டோவை வாங்கினேன். அவளுடைய புருசன் றஞ்சித் இப்போதும் கடல் தொழிலுக்குப் போகிறான். நல்ல மீன் வருவது அவனால்தான்.

சின்னச் சின்னக் கூட்டங்களுக்குத்தான் இதுவரை கொடுத்து வந்தோம். பத்துப் பேர், பதினைந்து பேர். கொக்குவிலில் நடக்கிற இந்தப் பயிற்சிதான் முதல் பெரிய ஓடர். பாலர் பாடசாலை ரீச்சர்மார் முப்பத்திரண்டு பேர், ஐந்து நாள், காலையில் தேநீருக்கும் மத்தியானத்துக்கும் பெட்டி. ஐந்து நாளும் ஒழுங்காகப் போனால் வருசம் முழுக்கத் தாங்கள் வைக்கிற பயிற்சிக்கெல்லாம் ஜெசிதாவின் சாப்பாடுதான் என்று தேவராசா சேர் சொல்லியிருந்தார். அவர்தான் பயிற்சியை வைக்கிற நிறுவனத்துக்குப் பொறுப்பு. அவர் சொன்னதை நான் நம்பவில்லை. சேர்மார் சொல்வதை நான் நம்புவதில்லை. ஜெசிதா நம்பினாள். சோறு ஆறப்போட நாலு பெரிய தட்டமும் ஒரு மேசைக் காற்றாடியும் வாங்கி வைத்தாள்.

அன்றைக்கு இரண்டாம் நாள்.

“காரணத்தைச் சொல்லு பிள்ளை,” என்றேன்.

துஷாந்தினி மண்டபப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இருபத்தைந்து வயசிருக்கும். கையில் எப்போதும் ஒரு கோவை, அதற்குள் பெயர்ப் பட்டியல்.

“நேற்றையச் சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லையாம். ரெண்டு பேருக்கு இரவு முழுக்கச் சத்தியும் வயித்தோட்டமும். ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனவையாம்.”

“ஆருக்கு?”

“பேர் சொல்லக்கூடாது ஐயா.”

“அப்ப ரெண்டு ரீச்சர்மார் இண்டைக்கு வரேல்லை?”

“எல்லாரும் வந்திருக்கினம்.”

“வருத்தக்காரர் ரெண்டு பேரும் எழும்பி வந்திருக்கினமோ?”

“அவையில்லை ஐயா. ஒரு ரீச்சரின்ரை மகளுக்கும் மாமியாருக்கும்.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தட்டுப்பட்டது போல. கோவையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“மாமியாரும் பேத்தியும் உங்கடை பயிற்சிக்கு வந்தவையோ?” என்று கேட்டேன்.

அவள் மறுபடியும் மண்டபப் பக்கம் திரும்பினாள்.

“முப்பத்திரண்டு பெட்டி எண்ணித் தந்தனான். நீ எண்ணி எடுத்தனி. மாமியாருக்கு ஆர் சோறு குடுத்தது?”

“ஐயா, சேர் கூட்டத்துக்குள்ளை நிக்கிறார். முடிய நான் கதைச்சுச் சொல்லுறன்.”

“உன்ரை சேர் வெளியாலை வாறதுக்கிடையிலை சோறு அவிஞ்சு முடிஞ்சிடும்.”

இப்படித்தான் இவர்களோடு. ஒன்றைச் சொல்ல ஒருவர் வேண்டும், அதைக் கேட்க இன்னொருவர் வேண்டும், முடிவு எடுக்கிறவர் எப்போதும் உள்ளுக்குள் நிற்பார். பெட்டிகளை அவள் கையில் கொடுத்துவிட்டு ஓட்டோவைத் திருப்பினேன்.

குசினிக்குள் போனபோது ஜெசிதா சோற்றை வடித்துத் தட்டங்களில் பரப்பிக்கொண்டிருந்தாள். சூட்டோடு பெட்டிக்குள் போட்டு மூடினால் ஆவி மூடியில் பிடித்துத் தண்ணீராகச் சொட்டும், சோறு சளசளத்துப் போகும், சீக்கிரமே புளிக்கும். அதற்குத்தான் காற்றாடி. தலையில் துணி கட்டியிருந்தாள். சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணறு, குசினி எல்லாம் பார்த்து எழுதிக்கொண்டு போனதிலிருந்து அந்தத் துணி இல்லாமல் அவள் அடுப்படிக்குப் போனதில்லை.

நடந்ததைச் சொன்னேன். அகப்பையைக் கீழே வைத்தாள்.

“பிள்ளைக்கு எத்தினை வயசாம்?”

“அதோ இப்ப முக்கியம்?”

“கேட்டனீங்களோ இல்லையோ?”

“கேக்கேல்லை.”

கதிரையை இழுத்து இருந்துகொண்டு நேற்றைய சாப்பாட்டைத் தனக்குள் ஓட்டிப் பார்த்தாள். பாரைமீன் குழம்பு. பருப்புப் பால்கறி. கத்தரிக்காய். வல்லாரைச் சம்பல். பப்படம். மீன் விடியற்காலையில் றஞ்சித் கொண்டுவந்தது, ஐஸிலேயே இருந்தது. பத்தரைக்குச் சமையல் முடிந்தது. பதினொன்றரைக்குப் பெட்டி கட்டினோம். பன்னிரண்டேகாலுக்கு மேசையில்.

“ஒரு மணிக்குச் சாப்பிட்டிருந்தா ஒண்டும் வந்திராது,” என்றாள். “சம்பலிலை பச்சைத் தேங்காய்ப்பூ. பருப்பிலை பால். உது பின்னேரம் வரைக்கும் நிக்காது. அந்த ரீச்சர் எந்த ஊராம்?”

“அதுவும் தெரியாது.”

“உடுப்பிட்டிப் பக்கத்திலையிருந்து ஒராள் வாறவ எண்டு துஷாந்தினி சொன்னவள். நாலரைக்கு முடிஞ்சு, ரெண்டு பஸ் மாறிப் போக ஆறரை ஏழாகும். அவ்வளவு நேரமும் பைக்குள்ளை, வெக்கைக்குள்ளை.”

“அப்ப அவள் தின்னாமல் வீட்டை கொண்டுபோயிருக்கிறாள்?”

ஜெசிதா என்னைப் பார்த்த பார்வையில், இவ்வளவு வயசாகியும் இது தெரியாதா என்றிருந்தது.

“அப்பா, பொம்பிளையள் எப்பவும் கொண்டுபோறவை. போன மாதம் சங்கக் கூட்டத்திலை பாதிப் பெட்டி பைக்குள்ளைதான் போனது. முள்ளில்லாத நல்ல மீன்துண்டு, பப்படம், அவிச்ச முட்டை எண்டு கண்டா, தனிய இருந்து விழுங்க மனம் வருமோ? தேத்தண்ணியோடை தந்த றோல்சைத் திண்டுபோட்டு, பிளேன் ரீயைக் குடிச்சுக்கொண்டு இருப்பினம். சோறு பிள்ளைக்கு.”

“உனக்கு ஆர் சொன்னது?”

“எனக்கு ஆர் சொல்லவேணும்? சாப்பாட்டுச் சுத்தம் எண்டு ஒரு நாள் வகுப்பு வைச்சவை, நான் போனனான். சமைச்சு நாலு மணித்தியாலத்துக்குள்ளை சாப்பிட வேணும் எண்டு படம் போட்டுக் காட்டினவை. காட்டி முடிய ஒரு சோத்துப் பெட்டி தந்தவை. அதைப் பின்னேரம் நான் வீட்டை கொண்டுவந்து என்ரை சின்னவளுக்குக் குழைச்சுத் தீத்தினனான். நீங்களும் பக்கத்திலைதான் இருந்தனீங்கள்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே பால்கறியும் சம்பலும் வைத்திருக்கிறாள்.

“தெரிஞ்சா ஏன் உதுகளைப் போட்டனி?”

“அவை கேட்ட பட்டியல் அது. மத்தியானச் சாப்பாடு எண்டுதான் கேட்டவை. இராச்சாப்பாடு எண்டு கேக்கேல்லை.” கதிரையை விட்டு எழுந்தாள். “எண்டாலும் நான் யோசிச்சிருக்க வேணும்.”

“நீ ஒண்டும் யோசிக்க வேண்டாம். பெட்டியைக் கட்டு. நான் கொண்டுபோறன்.”

“வேண்டாம் எண்டு சொன்னதெல்லே?”

“அவளின்ரை வாயாலை சொன்னது. சேர் எனக்குச் சொல்லேல்லை.”

அவள் கட்டினாள். அன்றைக்குச் சம்பலை விட்டுவிட்டு, பூசணிக்காயை எண்ணெயில் வதக்கி வைத்தாள். ஓட்டோவில் ஐஸ்மீன் ஏற்றுகிற மாதிரியான வெள்ளை றெஜிபோம் பெட்டி இரண்டு இருக்கின்றன, புதியவை, பச்சை மீன் படாதவை. அதற்குள் அடுக்கி மூடினோம். நான் ஏறும்போது ஓட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, துஷாந்தினியைத் தனியக் கூப்பிட்டுச் சொல்லுங்கோ. சேரிட்டை அவள் சொல்லட்டும். அந்த ரீச்சரைச் சபையிலை இழுத்துப்போடாதேங்கோ. சாப்பாட்டைப் பைக்குள்ளை வைச்சுக்கொண்டு போனவள் எண்டு ஊரறிஞ்சா அவள் நாளைக்கு எப்பிடி ஒரு இடத்திலை போய் இருப்பாள்?”

“ஓம்.”

“சத்தியமா?”

“ஓம் எண்டு சொன்னன்தானே!”

சொன்னபடி நடக்கத்தான் போனேன். தேவராசா சேர் விடவில்லை.

மண்டப வாசலில் அவரே நின்றார். வெள்ளைச் சேட்டு, கழுத்தில் தொங்குகிற அட்டை, காதில் போன். ஏதோ ஒரு கடையோடு பேசிக்கொண்டிருந்தார். ஒன்றரைக்கு முதல் தர ஏலாது என்று அந்தப் பக்கம் சொல்லியிருக்க வேண்டும், முகம் கோணியிருந்தது. என் கையில் பெட்டியைக் கண்டதும் போனை மூடினார்.

“ஐயா, வேண்டாம் எண்டு சொல்லி அனுப்பினதெல்லே?”

“சேர், ஒரு சொல்லு கேளுங்கோ. துஷாந்தினியைக் கூப்பிடுங்கோ, அவவோடை…”

“எனக்கு விளக்கம் வேண்டாம். இது பொறுப்பான விசயம். நாளைக்கு ஒருத்தருக்கு ஒண்டு நடந்தா நான்தான் மேலிடத்துக்குப் பதில் சொல்லவேணும். வீட்டுச் சமையல் எண்டு இரக்கப்பட்டுக் குடுத்தது என்ரை பிழை.”

அதையும் விழுங்கினேன்.

“சாப்பாட்டிலை பிழையில்லை சேர்.”

“பிழையில்லாமல் ஆசுப்பத்திரிக்குப் போவினமோ? மீன் பழசாயிருக்கும். விக்காமல் மிஞ்சினதுகளை உங்கடை ஆக்கள் இப்பிடித்தான் தள்ளிவிடுறவை.”

உள்ளே விரிவுரை முடிந்து எல்லோரும் கதிரைகளில் இருந்தார்கள். கதவு திறந்து கிடந்தது. அந்தச் சொல் முன்வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். அறுபது வருசம் மீனோடு கிடந்தவன் நான். என் மருமகன் விடிய நாலு மணிக்குக் கரையேறி, அதில் நல்லதாக எட்டுப் பாரையை ஒதுக்கி, விற்காமல் மனைவி கையில் கொடுத்தவன். மகளுக்குச் சொன்ன ‘ஓம்’ எந்தப் பக்கம் போனதென்று தெரியாது. றெஜிபோம் பெட்டியை அப்படியே வாசலில் வைத்துவிட்டு மண்டபத்துக்குள் போனேன்.

“பிள்ளையள்!” என்றேன். கடலில் கூப்பிட்டுப் பழகின குரல். முப்பத்திரண்டு தலையும் நிமிர்ந்தன. “நேற்று நாங்கள் தந்த சோத்துப் பெட்டியை இஞ்சை இருந்து சாப்பிடாமல் வீட்டை கொண்டுபோனது ஆர் ஆர்? கையைத் தூக்குங்கோ. என்ரை பிள்ளையைப் பழசு வித்தவள் எண்டு சொல்லுறார் உங்கடை சேர்.”

துஷாந்தினி ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

“ஐயா, வெளியாலை வாங்கோ, கும்பிட்டுக் கேக்கிறன்.”

நான் அசையவில்லை. மூன்றாம் வரிசையில் நீலச் சேலை கட்டின ஒருத்தி எழுந்தாள். மெலிந்த உருவம். இரவு கண் மூடாத முகம்.

“நான் கொண்டுபோனனான்,” என்றாள். “உடுப்பிட்டி. கோபிகா.”

“எத்தினை மணிக்குக் குடுத்தனீங்கள் பிள்ளை?”

“ஏழு தாண்டியிருக்கும். மகளுக்கும் மாமிக்கும் பிரிச்சுக் குடுத்தனான்.”

“நீங்கள் சாப்பிடேல்லை?”

“இல்லை.”

பிறகு பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. சேர் வாசலில் நின்று எண்ணினார், விரலால் சுட்டிச் சுட்டி எண்ணினார். பதினொன்று. அவர்களில் ஒருத்தி, நல்ல வாய்க்காரி, இருந்தபடியே சொன்னாள்: “என்ரை பெடியன் முழுக்கத் திண்டிட்டு இன்னும் கேட்டவன், அப்பு. எங்கடை வீடு கொக்குவில்தானே, அஞ்சு நிமிசம்.” நாலைந்து பேர் சிரித்தார்கள். கோபிகா சிரிக்கவில்லை. இருக்கவும் இல்லை.

தேவராசா சேர் என்னிடம் வந்தார். குரலை இறக்கியிருந்தார்.

“சரி ஐயா. உங்கடை மகளிலை பிழையில்லை. நான் சொன்னதை மனசிலை வைக்காதேங்கோ. இண்டைக்குக் கொண்டுவந்ததைக் குடுங்கோ.”

பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிசம் எனக்குச் சந்தோசமாக இருந்தது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். போய் றெஜிபோம் பெட்டியைத் தூக்கிவந்து மேசையில் அடுக்கினேன். இருபத்து மூன்று மீன், ஒன்பது மரக்கறி. சேர் முன்னால் நின்று கையைத் தட்டினார்.

“எல்லாரும் கவனியுங்கோ. இண்டைக்கு எல்லாரும் இஞ்சை இருந்து என்ரை கண்ணுக்கு முன்னாலை சாப்பிட வேணும். ஒரு பெட்டியும் வெளியாலை போகக்கூடாது. நாளையிலிருந்து பெட்டிச் சாப்பாடே இல்லை. கடையிலை சொல்லி, சட்டியளிலை கொண்டுவந்து வைப்பம். பீங்கான் தட்டிலை போட்டு இஞ்சையே சாப்பிடலாம். பிறகு ஒரு பிரச்சினையும் வராது.”

“சேர்,” என்றேன், “அதையும் நாங்கள் செய்வம்.”

“சூடு வைக்கிற சட்டி இருக்கோ ஐயா?”

“இல்லை.”

“நாப்பது பீங்கான்? பரிமாற ஆக்கள்?”

“பெட்டிக்குத்தானே நீங்கள் கேட்டனீங்கள்!”

“அதுதான் ஐயா. பெட்டியிலைதான் பிரச்சினை எண்டு நீங்களே இப்ப காட்டித் தந்திட்டியள்.”

நக்கலாக அவர் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்கு நன்றி சொல்வதுபோலச் சொன்னார். மண்டபத்தில் எல்லோரும் குனிந்த தலையோடு சாப்பிட்டார்கள். சிலர் மீனைக் கடைசி வரைக்கும் ஒரு கரையில் ஒதுக்கி வைத்திருந்து, சேர் அந்தப் பக்கம் நடந்து வரும்போது அவசரமாக வாயில் போட்டார்கள். பாதியோடு மூடிக் குப்பைப் பெட்டிக்குள் போட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு மத்தியானம் சாப்பிட்டே பழக்கமில்லை என்று நினைக்கிறேன். நல்ல சாப்பாடு குப்பைக்குள் போவதை நின்று பார்த்தேன்.

வெறும் றெஜிபோம் பெட்டியை ஓட்டோவில் ஏற்றும்போது கோபிகா வெளியே வந்தாள்.

“ஐயா, உங்கடை மகளிட்டைச் சொல்லுங்கோ, நான் முறைப்பாடு செய்யேல்லை. பிள்ளைக்கு ஏலாமல் கிடக்கு, அரைநாள் லீவு தாங்கோ எண்டுதான் காலமை துஷாந்தினியைக் கேட்டனான். என்ன சாப்பிட்டவை எண்டு அவ கேட்டவ. சொன்னனான். அதுக்குப் பிறகு அவையவை தங்கடை பாட்டிலை கதைச்சது.”

“பிள்ளை இப்ப எப்பிடி?”

“தண்ணி குடிக்கிறாள். மாமியும் தேறிட்டா, அவதான் கூட இருக்கிறா.”

“சேருக்கு நீங்களே இதைச் சொல்லியிருக்கலாமே?”

“பத்தரைத் தேத்தண்ணியோடை சேரிட்டைத் தனியப் போய்ச் சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். அவர் போனிலையே நிண்டார். பிறகு நீங்கள் வந்திட்டியள்.” கோபமாகச் சொல்லவில்லை. “இனி எல்லாருக்கும் பீங்கானிலை. பதினொரு வீட்டுப் பிள்ளையளும் என்னைத்தான் திட்டுங்கள்.”

அவள் உள்ளே போய்விட்டாள். லீவு கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போக ஒன்றரை. ஜெசிதா தட்டங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைக் கண்டதும் எழுந்தாள்.

“சபையிலை கேட்டனீங்கள், என்ன?”

“அவன் மீனைப் பழசு எண்டவன்.”

“கேட்டனீங்களோ இல்லையோ?”

“கேட்டன். உன்னிலை பிழையில்லை எண்டு அவன்ரை வாயாலையே சொன்னான்.”

“சொல்லிப்போட்டு?”

சொன்னேன். பீங்கான், சட்டி, கடை எல்லாவற்றையும். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு றஞ்சித்துக்குப் போன் போட்டாள். நாளைக்குப் பாரை ஒதுக்க வேண்டாம், எல்லாவற்றையும் விலைக்குப் போடச் சொன்னாள். ஏன் என்று அவன் கேட்டிருக்க வேண்டும். “பிறகு சொல்லுறன்” என்று வைத்தாள்.

“நான் செய்தது பிழை எண்டோ சொல்லுறாய்?” என்று கேட்டேன்.

“நீங்கள் சொன்னது சரி அப்பா. எனக்கு அந்தச் சரியை வைச்சு என்ன செய்யிறது எண்டுதான் தெரியேல்லை.”

உண்மையைச் சொன்னவனுக்கு ஊரில் இடமில்லை என்று கத்தலாம்போல இருந்தது. ஆனால் போனது என் இடமில்லை, அவளுடைய இடம்.

கொஞ்ச நேரத்தில் துஷாந்தினிக்கு அவளே எடுத்தாள். அழுது கேட்பாள் என்று நினைத்தேன். அப்படியில்லை.

“துஷா, காலமைத் தேத்தண்ணிப் பெட்டியும் கடையிலையோ? … இல்லையோ? … அப்ப அது என்னட்டைத்தான். ஓம், முப்பத்திரண்டு. றோல்ஸ் போடமாட்டன். வேறை சாமான் போடுறன், மரக்கறிக்காரருக்கும் அதே. எல்லாம் ஒண்டுதான், பச்சை வளையம் தேவையில்லை. … சேரிட்டை ஒண்டும் கேக்காதை. என்ன சாமான் எண்டு அவருக்குத் தேவையில்லை.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஒண்டரைக் கிலோ பயறு வாங்கிக்கொண்டு வாங்கோ. வறுத்துப் பயத்தம் உருண்டை பிடிக்கப்போறன். தட்டைவடையும். ரெண்டு நாள் வைச்சாலும் பழுதாகாது.”

“பைக்குள்ளை வைச்சுக் கொண்டுபோகட்டும் எண்டோ?”

“ஓம்.”

“அவன் பையைச் சோதிச்சா?”

“தேத்தண்ணியோடை தந்த உருண்டையைத் திண்டாளோ இல்லையோ எண்டு சோதிக்கிற சேரோ அவர்?”

“பஸ்ஸிலை நசிஞ்சு தூளாப் போகும்.”

“நசிஞ்சாலும் தின்னலாம். சத்தி வராது.”

இது சரிவரும் என்று நான் நினைக்கவில்லை. மத்தியானச் சோறு போய்விட்டது. வருசம் முழுக்க என்ற பேச்சும் அதோடு போய்விட்டது. முப்பத்திரண்டு உருண்டையை நம்பி ஒரு குசினி ஓடுமா? கேட்க வாயெடுத்தேன். அவள் அதற்குள் இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டாள்.

“கடை பூட்ட முதல் போங்கோ அப்பா,” என்றாள். “போற இடத்திலை ஆரோடையும் சண்டை பிடியாதேங்கோ.”